ட்யூப் எத்தனை நாளில் முடிகிறது?

கல்லடியில் இருக்கும் தங்கச்சி தினமும் காலையில் பாலத்தைக் கடந்து மட்டக்களப்பு டவுனுக்கு ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறவள். "நான் பூசுற மொய்ஸ்ச்சரைசரிலயே எஸ்பிஎஃப் 15 இருக்கு. பிறகு சன்ஸ்கிறீன் எதுக்கு அக்கா?" என்று கேட்டாள். "அந்த ட்யூப் எப்ப வாங்கினது?" என்றேன். 50 கிராம் ட்யூப். சித்திரை வருசத்துக்கு வாங்கியதாம், ஆவணி பிறக்கும்போதுதான் முடிந்ததாம்.

பதில் அதிலேயே இருக்கிறது.

வெயிலிலிருந்து தோலுக்கு எவ்வளவு காப்பு என்று சொல்லும் எஸ்பிஎஃப் எண்ணை ஆய்வுகூடத்தில் அளக்கும்போது தோலின் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் கிறீம் பூசுவார்கள். முகம், காது, கழுத்து எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 600 சதுர சென்ரிமீற்றர் என்று வைத்தால் ஒரு தடவைக்கு 1.2 கிராம் வேண்டும். கால் தேக்கரண்டி அளவு. அப்படிப் பூசினால் 50 கிராம் ட்யூப் நாற்பது நாள்தான் வரும். தங்கச்சிக்கு அது நாலு மாதம் ஓடியிருக்கிறது. அதாவது அவள் பூசியது தேவையானதில் மூன்றில் ஒரு பங்கு.

படை மெலிந்தால் பாதுகாப்பும் இறங்கும். அளவோடு சேர்ந்து எண்ணும் குறைகிறது என்று வைத்தால் அவள் முகத்தில் இருந்தது ஏறத்தாழ எஸ்பிஎஃப் 5. தோலைச் சிவக்க வைக்கும் கதிர்களில் பதினைந்தில் ஒரு பங்கு உள்ளே போகவேண்டிய இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கிறது, மூன்று மடங்கு.

கூடப் பூசலாமே என்றால், நம்மூர்ப் புழுக்கத்தில் மொய்ஸ்ச்சரைசரை அந்தளவு அப்பினால் எண்ணெய் வழியும், வேர்வையோடு கண்ணில் இறங்கி எரியும். அதனால்தான் எல்லாரும் ஒரு பொட்டு எடுத்து இழுத்துத் தேய்க்கிறோம். இடமும் தவறிப்போகிறது. லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புறஊதாக் கமராவில் படமெடுத்துப் பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், சன்ஸ்கிறீன் பூசியவர்கள் முகத்தில் 11 வீதத்தைத் தவறவிட்டார்கள். எஸ்பிஎஃப் மொய்ஸ்ச்சரைசர் பூசியவர்கள் ஏறக்குறைய 17 வீதம். அதிகம் விடுபட்ட இடம் கண்ணிமை. கண்ணில் பட்டுவிடும் என்ற பயம்தான், வேறென்ன.

இன்னொன்று, எஸ்பிஎஃப் பெரும்பாலும் தோலைச் சிவக்க வைக்கும் யூவிபி என்ற புறஊதாக் கதிரைப் பற்றித்தான் பேசுகிறது. தோலைக் கருக்கவைத்துச் சுருக்கமும் கொண்டுவரும் யூவிஏ கதிர் சாதாரண யன்னல் கண்ணாடியையும் கடந்து வரும். அதற்கும் காப்பு உண்டா என்பதை வட்டத்துக்குள் உள்ள யூவிஏ குறியோ, பிஏ எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறிகளோ சொல்லும். தங்கச்சியின் ட்யூபில் இரண்டும் இல்லை.

அப்போ தனி சன்ஸ்கிறீன் கட்டாயமா? வீட்டுக்குள் அல்லது கந்தோருக்குள் இருந்து, காலையிலும் மாலையிலும் சற்று நேரம் மட்டும் வெயில் படுகிற நாளுக்கு, யூவிஏ குறியுள்ள எஸ்பிஎஃப் 30 மொய்ஸ்ச்சரைசரை கால் தேக்கரண்டி முழுதாகப் பூசினால் எனக்குப் போதும். மத்தியானம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றப் போகிற நாளுக்குப் போதாது. காலை ஏழு மணிக்குப் பூசியது வேர்வையிலும் லேஞ்சித் துடைப்பிலும் பாதி போயிருக்கும். சூரியனோ உச்சியில் நிற்கும். மொய்ஸ்ச்சரைசரையும் சன்ஸ்கிறீனையும் உள்ளங்கையில் குழைத்தால் 15உம் 30உம் சேர்ந்து 45 ஆகாது, சன்ஸ்கிறீன்தான் நீர்த்துப் போகும். மொய்ஸ்ச்சரைசர் ஊறிய பிறகு மேலே பூசவேண்டும்.

தங்கச்சி இப்போது புது ட்யூபின் அடியில் வாங்கிய திகதியைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள்.