கேஷுவாலிட்டியில் மணிக்கு எத்தனை பேர்?

மருத்துவமனைகளில் யாருக்கு எப்போது டியூட்டி என்று அட்டவணை போட, கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். அடிக்கடி என்னிடம் வந்து சேரும் வாக்கியம் இதுதான்: “நேத்து ராத்திரி எண்ணிப் பார்த்தோம் சார், மணிக்கு ஆறு பேர் வர்றாங்க. அதை வச்சே போட்டுடுங்க.” எத்தனை மணி நேரம் எண்ணினீர்கள் என்று கேட்டால் ஐந்து என்பார்கள். சில சமயம் இரண்டு.

ஆறு என்பது பொய்யில்லை. ஆனால் ஒரு இரவின் ஐந்து மணி நேரத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணை வைத்து ஏதாவது செய்யமுடியும். அதற்கு நான் பயன்படுத்துவது, ஒரு வீதம் எவ்வளவாக இருக்கும் என்ற நம் நம்பிக்கையையும் சந்தேகத்தையும் சேர்த்து எழுதிவைக்கும் காமா பரவல். பெயர் மிரட்டும், கணக்கு வெறும் கூட்டல்தான்.

ஒரு மருத்துவமனையின் இரவு கேஷுவாலிட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். எண்ணத் தொடங்கும் முன் அங்கே பல வருடமாக இரவு டியூட்டி பார்க்கும் சிஸ்டரிடம் கேட்டேன். “சாதாரணமா மணிக்கு நாலு பேர் சார்” என்றார். இத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. நான் இன்னொன்றும் கேட்டேன்: “நான் எத்தனை மணி நேரம் எண்ணிக் காட்டினா, என் கணக்குக்கும் உங்க கணக்குக்கும் சரிபாதி மதிப்புக் கொடுப்பீங்க?” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ரெண்டு மணி நேரம் போதும் சார். பக்கத்துல புதுசா பைபாஸ் வந்திருக்கு. பழைய கணக்கு எனக்கே சந்தேகம்தான்.”

அந்த இரண்டு பதில்களும் சேர்ந்ததுதான் முன்நம்பிக்கை. மணிக்கு நான்கு, எடை இரண்டு மணி நேரம். அதாவது இரண்டு மணி நேரத்தில் எட்டுப் பேரை ஏற்கெனவே பார்த்துவிட்ட மாதிரி. இதை காமா(8, 2) என்று எழுதுவோம். முதல் எண் ஆட்கள், இரண்டாவது எண் மணி நேரம். ஆட்களை நேரத்தால் வகுத்தால் சராசரி வீதம், 4. ஆட்களின் வர்க்கமூலத்தை நேரத்தால் வகுத்தால் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளிப்போகலாம் என்ற அளவு, சுமார் 1.4. “நாலு இருக்கும், மூன்றோ ஐந்தோ ஆனாலும் ஆச்சரியமில்லை” என்கிற மாதிரியான சிஸ்டரின் சந்தேகத்துக்கு இது சரியாகவே பொருந்துகிறது.

அப்புறம் இரவு பத்து மணி முதல் மூன்று மணி வரை எண்ணினோம். 7, 5, 9, 6, 3. மொத்தம் 30 பேர், 5 மணி நேரம். ஒவ்வொரு மணியிலும் வருகை பாய்சான் பரவலின்படி, அதாவது ஒருவர் வருவதற்கும் இன்னொருவர் வருவதற்கும் தொடர்பில்லாமல் ஒரே வீதத்தில் நடக்கிறது என்று எடுத்துக்கொண்டால், செய்யவேண்டியது இவ்வளவுதான்: ஆட்களோடு ஆட்களையும் நேரத்தோடு நேரத்தையும் கூட்டுவது. 8 + 30 = 38, 2 + 5 = 7. புதிய நம்பிக்கை காமா(38, 7). சராசரி 5.4, திட்ட விலக்கம் 0.9. ஆறும் இல்லை, நாலும் இல்லை. மணிக்கு மணி கூட்டிக்கொண்டே போனாலும், கடைசியில் மொத்தமாகக் கூட்டினாலும் விடை இதேதான். மணிக்கு மணி கூட்டினால் சராசரி 5, 5, 5.8, 5.8, 5.4 என்று நகர்வது தெரியும். முதல் ஒரு மணி நேரத்தில் யாருமே வராமல் போயிருந்தாலும் கணக்கு “யாரும் வரமாட்டார்கள்” என்று சொல்லியிருக்காது; 8 ஐ 3 ஆல் வகுத்து 2.7 என்றிருக்கும்.

வீதம் எந்த எல்லைக்குள் இருக்கும் என்று பார்க்க எக்செல் போதும்:

```
=GAMMA.INV(0.05, 38, 1/7)
=GAMMA.INV(0.95, 38, 1/7)
```

விடை சுமார் 4.1, 7.0. வீதம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க 90 சதவீத வாய்ப்பு. அந்த `1/7` ஐக் கவனியுங்கள். எக்செல் கேட்பது நேரத்தின் தலைகீழ். 7 என்றே போட்டுவிட்டால் மணிக்கு இருநூறு, முந்நூற்று நாற்பது பேர் என்று வரும், உடனே தெரிந்துவிடும். அதைவிட மோசம், அரை மணிக்கொரு தடவை எண்ணிவிட்டு ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் என்று கூட்டுவது. விடை ஏறக்குறைய பாதியாகும், ஆனால் பார்க்க நியாயமாகவே இருக்கும்.

இனிதான் அட்டவணைக்குத் தேவையான கேள்வி: அடுத்த இரவு எட்டு மணி நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள்? விடியற்காலையிலும் இதே வீதம் என்று வைத்துக்கொண்டால் எட்டைச் சராசரியால் பெருக்கி 43 எனலாம். பாய்சானில் மாறுபாடும், அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கமும், சராசரியும் ஒன்றே என்பதால் திட்ட விலக்கம் 6.6, இரண்டு விலக்கம் தள்ளி, 57 பேர் வரை வந்தாலும் சமாளிக்கிற மாதிரி ஆள் போடுவார்கள். இங்கேதான் கை சுடும். 5.4 என்பதே நமக்கு உறுதியாகத் தெரியாத எண். அது உண்மையில் 6.3 ஆக இருந்தால் எட்டு மணி நேரமும் சேர்ந்தே கூடும். ஒரு மணியின் தவறை அடுத்த மணி ஈடுகட்டாது. அந்தச் சந்தேகத்தையும் சேர்த்தால் மாறுபாடு 43 இலிருந்து 93 ஆகிறது, திட்ட விலக்கம் 9.6, சமாளிக்கவேண்டியது 63 பேர். காமாவையும் பாய்சானையும் இப்படிச் சேர்த்தால் கிடைப்பது எதிர்ம ஈருறுப்புப் பரவல். 1920 இல் கிரீன்வுட்டும் யூலும் தொழிலாளர் விபத்துகளை விளக்கப் போட்டதும் இதே கலவைதான், அங்கே ஆளுக்கு ஆள் வீதம் மாறியது. ஒரே ஒரு மணி நேரத்தைக் கணிக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது, திட்ட விலக்கத்தில் 2.3 க்கும் 2.5 க்கும் உள்ள தூரம்தான். முழு ஷிஃப்ட்டுக்குப் பெருக்கும்போதுதான் வெளியே வரும்.

சரி, இந்தக் கணக்கு எங்கே ஏமாற்றும்? இன்னொரு இரவின் எண்ணிக்கை 2, 3, 1, 14, 4. மொத்தம் 24. சிஸ்டரின் எட்டோடு கூட்டினால் காமா(32, 7), சராசரி 4.6, விலக்கம் 0.8. சூத்திரம் எந்தத் தயக்கமும் இல்லாமல் விடை கொடுத்துவிட்டது. 5, 5, 5, 5, 4 என்று வந்திருந்தாலும் இதே விடைதான், ஏனென்றால் அதற்குத் தெரிந்தது மொத்தமும் நேரமும் மட்டுமே. அந்தப் பதினான்கை அது பார்க்கவே இல்லை.

அதனால் கூட்டுவதற்கு முன் மாறுபாட்டைச் சராசரியால் வகுத்துப் பார்ப்பது என் வழக்கம். பாய்சானாக இருந்தால் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். முதல் இரவில் 5 ஐ 6 ஆல் வகுத்தால் 0.8, கவலையில்லை. இரண்டாவது இரவில் 27.7 ஐ 4.8 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 6. ஐந்தே எண்கள் என்பதால் ஒன்றரை, இரண்டு என்று வந்தால் நான் பதற்றப்படமாட்டேன். ஆறு என்பது வேறு விஷயம்.

சிஸ்டரிடம் கேட்டபோது உடனே சொல்லிவிட்டார்: “அன்னைக்கு பைபாஸ்ல ஒரு வேன் கவுந்துடுச்சு சார். பதினொரு பேர் ஒண்ணா வந்தாங்க.” பதினொரு பேர் பதினொரு தனி வருகை இல்லை, ஒரே சம்பவம். ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லாமல் வருகிறார்கள் என்ற அடிப்படையே அங்கே உடைந்துவிட்டது. சம்பவங்களாக எண்ணினால் அந்த வரிசை 2, 3, 1, 4, 4. மொத்தம் 14, காமா(22, 7), மணிக்கு 3.1 சம்பவம். ஒரு சம்பவத்தில் எத்தனை பேர் என்பதைத் தனியாகக் கணக்கிட்டு, அப்புறம்தான் சேர்க்கவேண்டும். வேன் கவிழும் இரவுக்கு ஆள் வேண்டுமென்றால் அதற்கு வழி கூப்பிட்டால் வரக்கூடிய மாற்று ஆட்கள் பட்டியல். தினசரி அட்டவணையில் ஒரு ஆளைக் கூட்டுவதால் அது நடக்காது.

இப்போது அந்த கேஷுவாலிட்டி ரிஜிஸ்டரில் பெயர், நேரம் இரண்டுக்கும் பக்கத்தில் சிஸ்டர் பேனாவால் கோடு போட்டு இன்னொரு பத்தி வைத்திருக்கிறார். தலைப்பு “யாரோடு வந்தார்”.