மூன்று தடவையும் 960 காட்டினாலும் தராசு தப்பாக இருக்கலாம்

தர்மபுரியில் ஒரு மளிகைக் கடையில் ஒரு கிலோ புளி வாங்குகிறோம். வீட்டுக்கு வந்து சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்தால் 960 கிராம் என்கிறது. சந்தேகம் வந்து எடுத்து மறுபடியும் வைக்கிறோம், 960. இன்னொரு தடவை வைத்தால் 961. அவ்வளவுதான், கடைக்காரர் நாற்பது கிராம் அடித்துவிட்டார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் மூன்று தடவையும் கிட்டத்தட்ட ஒரே எண் வந்தது தராசு மாறாமல் நடந்துகொள்கிறது என்பதை மட்டும்தான் காட்டுகிறது. அது சரியாகக் காட்டுகிறதா என்பது வேறு கேள்வி, அதற்கான பதில் அந்த மூன்று எண்களுக்குள் இல்லவே இல்லை.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இதைத்தான் துல்லியம், நுட்பம் என்று பிரித்துச் சொல்கிறார்கள். அளவு உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது துல்லியம். திரும்பத் திரும்ப அளந்தால் வரும் எண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது நுட்பம். பாடத்தில் டார்ட் போர்டு படம் போட்டு விளக்குவார்கள்: ஐந்து அம்புகளும் ஓரத்தில் ஒரே இடத்தில் கொத்தாகக் குத்தியிருந்தால் நுட்பம் உண்டு, துல்லியம் இல்லை, நடுப்புள்ளியைச் சுற்றி நாலாபக்கமும் சிதறியிருந்தால் சராசரியில் துல்லியம் உண்டு, நுட்பம் இல்லை. நல்ல படம்தான், ஆனால் அதில் முக்கியமான ஒரு விஷயம் மறைந்துபோகிறது. படத்தைப் பார்க்கிற நமக்கு நடுப்புள்ளி எங்கே என்று தெரியும். அளக்கும்போது அது தெரியாது. போர்டைக் கழற்றிவிட்டுச் சுவரில் இருக்கும் ஓட்டைகளை மட்டும் பாருங்கள், கொத்தாக இருக்கின்றனவா சிதறியிருக்கின்றனவா என்று சொல்லலாம், நடுவில் பட்டனவா என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டுத் தராசு காட்டிய 960, 960, 961 அந்த மாதிரி மூன்று ஓட்டைகள்தான்.

அப்படியென்றால் போர்டை எங்கிருந்து கொண்டுவருவது? முத்திரை போட்ட எடைக்கல் வேண்டும். தெரிந்த கடையில் கேட்டு 200 கிராம், 500 கிராம், ஒரு கிலோ கல்லைக் கொஞ்ச நேரம் வாங்கி நம்முடைய தராசில் வைத்துப் பார்க்கலாம். 200 கிராம் கல்லுக்கு 192, 500க்கு 480, ஒரு கிலோவுக்கு 960 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். குறைவது 8, 20, 40. எடை கூடக்கூடக் குறைகிற அளவும் கூடுகிறது, ஆனால் விகிதம் எல்லா இடத்திலும் ஒன்றுதான், நூற்றுக்கு நான்கு. அப்போது வரும் எண்ணை 0.96ஆல் வகுத்தால் போதும், புளி சரியாக ஒரு கிலோ. கடைக்காரர் மேல் தப்பே இல்லை.

ஒரு கல்லை மட்டும் வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது. மூன்று கல்லுக்கும் ஒரே மாதிரி 40 கிராம் குறைந்தால் அது வேறு கோளாறு, பூஜ்யமே நகர்ந்திருக்கிறது, தட்டைக் காலியாக வைத்து டேர் பொத்தானை அமுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விகிதம் பிசகியிருந்தால் டேர் எத்தனை தடவை அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது. தட்டுக்கு அடியில் ஓர் உலோகப் பட்டை இருக்கிறது, எடை வைத்ததும் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், அதில் ஒட்டியிருக்கும் உணரிகளின் மின்தடை மாறும், அந்த மாற்றத்தை உள்ளே பதிந்திருக்கும் ஓர் எண்ணால் பெருக்கித்தான் கிராமாகக் காட்டுகிறது. பிசகியிருப்பது அந்தப் பெருக்கும் எண். டேர் அதைத் தொடுவதே இல்லை.

இப்போது பக்கத்து வீட்டுத் தராசைப் பார்ப்போம். அதே ஒரு கிலோ கல்லுக்கு அது 985, 1012, 1004, 991, 1008 என்று காட்டுகிறது. பார்த்தால் மோசமான தராசு மாதிரி தெரியும், ஆனால் ஐந்தையும் கூட்டி வகுத்தால் சரியாக 1000. இந்தச் சிதறலுக்குக் காரணம் பல நேரம் வெளியில்தான் இருக்கும்: ஒரு கால் தரையில் படாமல் ஆடுவது, பொருளைத் தட்டின் ஓரத்தில் வைப்பது, மேலே ஃபேன் காற்று, பேட்டரி இறங்கியது. இதெல்லாம் சரிசெய்தும் சிதறினால் பல தடவை அளந்து சராசரி எடுக்கலாம். நான்கு தடவை அளந்தால் சராசரியின் சிதறல் பாதியாகும், கால்வாசியாக வேண்டுமென்றால் பதினாறு தடவை அளக்க வேண்டும், லாபம் இப்படி மெதுவாகத்தான் வரும். நம்முடைய முதல் தராசிலோ ஆயிரம் தடவை அளந்து சராசரி எடுத்தாலும் அந்த நாற்பது கிராம் அப்படியே இருக்கும். ஆனால் கல் வைத்துப் பிழையைக் கண்டுபிடித்த பிறகு வீட்டில் வைத்துக்கொள்ள நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் மாறாத பிழையை ஒரு வகுத்தலில் தீர்த்துவிடலாம்.

திரையில் 0.1 கிராம் வரை காட்டுகிறது என்பதை வைத்து ஏமாற வேண்டாம். அது திரையில் எத்தனை இலக்கம் என்பது மட்டும்தான், துல்லியமும் இல்லை, நுட்பமும் இல்லை. இன்னொன்று, 200 முதல் 1000 கிராம் வரை கல் வைத்துப் பார்த்திருந்தால் அந்த 0.96 அந்த இடைவெளிக்குத்தான் பொருந்தும். ஐந்து கிராம் ஏலக்காயை அளக்க அதை நம்பக்கூடாது, அதற்குச் சின்னக் கல்லை வைத்துத் தனியாகப் பார்க்க வேண்டும்.