விளக்கு எரிகிறது, ஆனால் கணினிக்குத் தெரியவில்லை

கொழிஞ்சாம்பாறை கேரளத்தில் இருந்தாலும் கடைத்தெருவில் பேச்செல்லாம் தமிழ்தான். ஓய்வுபெற்ற தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர் ஒருவர் போன மாதம் என் பழுதுபார்க்கும் கடைக்குத் தன் மேசைக் கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். காது சற்று மந்தமாகிவிட்டதால் மகள் கம்பியில்லா ஹெட்போன் வாங்கித் தந்திருக்கிறாள். கணினியில் ப்ளூடூத் இல்லை என்று சந்தையில் விரல்நுனி அளவு அடாப்டர் ஒன்றையும் வாங்கியிருக்கிறார்.

"செருகினால் நீல விளக்கு எரிகிறது தம்பி. ஆனால் கணினி அதைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது."

"எந்தத் துளையில் செருகினீர்கள் சார்?"

"முன்னால் இருப்பதில்தான். கை எட்டுகிற இடம் அது."

அந்த நீல விளக்கை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சாதாரண யூஎஸ்பி துளைக்குள் நான்கு கம்பிகள் இருக்கின்றன. சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் பேச்சுக்கு. விளக்கு எரிய முதல் இரண்டு போதும். அடாப்டர் தான் வந்திருப்பதைச் சொல்லப் பச்சைக் கம்பியை மின்தடை ஒன்றின் வழியாக மேலே இழுத்துப் பிடிக்கும். பச்சை அறுந்திருந்தால் கணினிக்கு எதுவுமே தெரியாது, 'டிங்' ஒலிகூட எழாது. வெள்ளை மட்டும் அறுந்திருந்தால் யாரோ வந்திருப்பது தெரியும், ஆனால் பெயர் கேட்டால் பதில் வராது. அப்போது டிவைஸ் மேனேஜரில் `Unknown USB Device (Device Descriptor Request Failed)` என்று `Code 43` பிழையுடன் ஒரு வரி நிற்கும்.

சாரின் கணினியில் ஒலியும் இல்லை, வரியும் இல்லை. அதே துளையில் என் பென் டிரைவைச் செருகினேன். அதற்கும் அதே மௌனம். அருகிலிருந்த இன்னொரு முன்துளையில் பென் டிரைவ் உடனே திறந்தது. பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் கண்ணில் பட்டது. முன்பக்கத் துளைகள் இரண்டும் ஒரே கம்பிக்கட்டாக மதர்போர்டில் ஒன்பது ஊசிகள் உள்ள ஓர் இடத்தில் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு துளைக்கும் ஒரு வரிசை ஊசிகள். யாரோ தூசி தட்டிவிட்டுத் திரும்ப மாட்டும்போது ஒரு ஊசி மடங்கிப் படுத்துவிட்டது. சரியாக அது பச்சைக் கம்பிக்கு உரியது. சாமணத்தால் நிமிர்த்தினேன், துளை உயிர்பெற்றது. ஆனாலும் இத்தகைய சோதனைகளுக்கு நான் முன்பக்கத்தை நம்புவதில்லை. மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட பின்பக்கத் துளையில்தான் அடாப்டரைச் செருகினேன்.

இம்முறை 'டிங்' கேட்டது. சாரின் முகத்தில் வந்த மகிழ்ச்சி அரை நிமிடம்கூட நிற்கவில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், பக்கத்தில் `This device cannot start. (Code 10)`.

இந்த இடத்தில் பெரும்பாலோர் டிரைவர் தேடி இணையத்தில் அலையத் தொடங்குவார்கள். அதற்கு முன் அடாப்டர் தன்னை யார் என்று சொல்லிக்கொள்கிறது என்று பார்ப்பது நல்லது. அந்த வரியை இரண்டு முறை தட்டி, `Details` பக்கத்தில் `Hardware Ids` என்பதைத் தேர்ந்தால் இப்படி ஒன்று தெரியும்:

```
USB\VID_0A12&PID_0001&REV_8891
```

0A12 என்பது கேம்பிரிட்ஜ் சிலிக்கன் ரேடியோ என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் எண். 2015-இல் குவால்காம் அதை வாங்கிவிட்டது. அதன் சிஎஸ்ஆர் 8510 சிப் ஒரு காலத்தில் மலிவான அடாப்டர்களில் எல்லாம் இருந்தது. விண்டோஸுக்கு அது நன்கு பழகிய முகம். தனி டிரைவர் வேண்டாம், உள்ளேயே இருக்கிறது. போலி செய்பவர்கள் இந்த அடையாளத்தைத் திருடுவதும் அதனால்தான். வேறு ஏதோ மலிவான சிப்பில் இந்த எண்ணை எழுதிவிட்டால், டிரைவர் எழுதும் செலவு மிச்சம்.

எண்ணைத் திருடலாம், நடத்தையைத் திருடுவது கடினம். டிரைவர் வந்து அமர்ந்ததும் சிப்பிடம் கேள்விகள் கேட்கிறது: உன் பதிப்பு என்ன, எந்தெந்தக் கட்டளைகள் உனக்குத் தெரியும்? போலிச் சிப் அசலின் பட்டியலை அப்படியே ஒப்பிக்கும். ஆனால் பட்டியலில் உள்ள ஒரு கட்டளையை உண்மையிலேயே கொடுத்தால் விழிக்கும், பிழை என்று சொல்லும். தொடக்கச் சோதனையிலேயே இப்படித் தடுக்கினால் சாதனம் இயங்காமல் நின்றுவிடும். சரியான டிரைவர்தான், தவறான ஆளிடம் பேசிக்கொண்டிருக்கிறது. அதை எத்தனை முறை மீண்டும் நிறுவினாலும் பயன் இல்லை.

போலி என்று ஊகிப்பது வேறு, உறுதி செய்வது வேறு. விண்டோஸ் நின்றுபோன இடத்தில் அதனிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க முடியாது. நல்லவேளையாக, கேரளப் பள்ளிகளில் கணினிப் பாடம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் லினக்ஸில் நடப்பதால், சாரின் கணினியிலும் விண்டோஸுக்குப் பக்கத்தில் அதன் புதிய பதிப்பு ஒன்று இருந்தது. அதில் நுழைந்து கேட்டேன்:

```
lsusb
sudo dmesg | grep -i bluetooth
```

முதல் கட்டளை பழைய பொய்யையே சொன்னது, `0a12:0001 Cambridge Silicon Radio`. இரண்டாவதில்தான் குட்டு வெளிப்பட்டது. `HCI ver=9` என்று ஒரு வரி, அதை அடுத்து `CSR: Unbranded CSR clone detected; adding workarounds` என்று இன்னொன்று. பதிப்பு 6 என்றால் ப்ளூடூத் 4.0, 9 என்றால் 5.0. இந்த அடையாளத்தில் வந்த அசல் சிப்புகள் 4.0-ஐத் தாண்டியதில்லை. உறையில் பெரிதாக 5.0 என்று அச்சிட்டதே போலிக்குச் சாட்சியாகிவிட்டது. அசல் 8510 என்றால் `subver=22bb` என்றும் காட்டும். இந்தப் பதினாறடிமான எண்ணைப் பதின்மமாக்கினால் 8891, விண்டோஸ் காட்டிய REV எண்ணேதான். போலியில் பெரும்பாலும் வெளியே சொல்லும் எண்ணும் உள்ளே சொல்லும் எண்ணும் பொருந்துவதில்லை.

இன்னொரு வேடிக்கை, லினக்ஸில் அதே அடாப்டர் வேலை செய்தது. 2020 வாக்கில் லினக்ஸ் கருவில் இந்தப் போலிகளை அடையாளம் கண்டு, அவற்றுக்குத் தெரியாத கட்டளைகளைக் கேட்காமல் தவிர்க்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. சில போலிகள் ஒருமுறை உறங்கவைத்து எழுப்பினால்தான் பேசத் தொடங்கும் என்பதுகூட அதில் கவனிக்கப்பட்டிருக்கிறது. இது போலி என்று தெரிந்தும், மரியாதை குறையாமல் வேலை வாங்குகிற ஏற்பாடு.

சாருக்கு விண்டோஸிலும் வேண்டும் என்பதால், ரியல்டெக் 8761பி சிப் கொண்ட வேறு அடாப்டர் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தேன். வாங்கியதும் பார்க்க வேண்டியது அதே `Hardware Ids` வரிதான். அதில் ரியல்டெக்கின் எண்ணான 0BDA இருந்தது.

அதை அவர் நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில், வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றின் பக்கத்தில் செருகியிருந்தார். பாட்டு விட்டுவிட்டுக் கேட்டது. யூஎஸ்பி 3.0 வேகமாகத் தரவு கடத்தும்போது எழும் இரைச்சல், ப்ளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது. இன்டெல் 2012-இலேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. ஒரு முழ நீட்டிப்புக் கம்பியில் மாட்டிக் கறுப்புத் துளைக்கு மாற்றியதும் விக்கல் நின்றது.

பழைய அடாப்டரை எறிய அவருக்கு மனம் வரவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் "லினக்ஸுக்கு மட்டும்" என்று பள்ளிக்கூடக் கையெழுத்தில் எழுதி ஒட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.