ஆற்று வளைவில் நிலம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் ஆற்றங்கரையில் நிலம் வாங்கப் போகிறவர்கள் கட்டடப் பொறியாளனான என்னிடம் முதலில் கேட்பது, "இங்கே வெள்ளம் ஏறுமா சார்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: நிலம் ஆற்று வளைவின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? வெள்ளம் ஏறினால் இரண்டு நாளில் வடிந்துவிடும். கரை போனால் நிலமே போய்விடும், பட்டா மட்டும்தான் கையில் மிஞ்சும்.

நம்முடைய ஆறு எங்கே வளைகிறது, ஏன் வளைகிறது என்பதைப் புரிந்துகொள்ள அதை மலையிலிருந்து பார்த்து வர வேண்டும். கோதையாறும் பரளியாறும் மலையில் பிறந்து, திருவட்டார் அருகே மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை தாமிரபரணியாகத் தேங்காய்ப்பட்டினத்தில் கடலில் விழுகின்றன. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலையிலிருந்து கடல்மட்டம் வரை, வெறும் 60 கிலோமீட்டரை ஒட்டிய பயணம். இந்தப் பாதையை ஒரு தாளில் உயரமும் தூரமுமாக வரைந்தால் முதலில் செங்குத்தாக இறங்கி, போகப்போகத் தட்டையாகும் ஒரு குழிந்த கோடு கிடைக்கும். இதைத்தான் ஆற்றின் நெடுக்குவெட்டுத் தோற்றம் என்கிறோம்.

பாடப்புத்தகத்தில் அந்தக் கோடு வழுவழுவென்று இருக்கும். உண்மையில் அப்படி இருப்பதில்லை. திற்பரப்பில் போய்ப் பாருங்கள். அருவிக்கு மேலே ஆற்றுப்படுகை ஏறக்குறைய கால் கிலோமீட்டருக்கு ஒரே பாறையாகக் கிடக்கிறது. பிறகு 50 அடி போல் ஒரே இறக்கம். கடினப் பாறையை ஆற்றால் சீக்கிரம் அறுக்க முடியாததால் கோட்டில் அந்த இடத்தில் ஒரு படி விழுந்துவிட்டது. மலைப் பகுதியில் ஆற்றின் பலம் முழுவதும் கீழ்நோக்கி அறுப்பதிலேயே செலவாகிறது. இருபுறமும் பாறை, படுகையில் உருண்டைக் கற்கள். அங்கேயும் ஆறு திரும்பும், ஆனால் பாறை விட்ட வழியில்தான் திரும்பும். தானாகக் கரையைத் தின்று வளைவை நகர்த்தும் வேலை அங்கே கிடையாது.

மூவாற்றுமுகத்துக்குக் கீழே கதை மாறுகிறது. சரிவு குறைந்துவிட்டது, இரண்டு ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்துவிட்டது, கரை மண்ணாகிவிட்டது. கீழ்நோக்கி அறுக்க வழி குறைந்த ஆறு பக்கவாட்டில் அறுக்கத் தொடங்குகிறது. இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். மலையில் ஆறு வேகமாக ஓடும், கீழே வந்ததும் மெதுவாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். மலை ஓடையில் நுரையும் சத்தமும் அதிகம், ஆனால் தண்ணீர் கல்லில் மோதி மோதி வேகத்தை இழக்கிறது. கீழே ஆறு ஆழமாகவும் அகலமாகவும் இருப்பதால் உராய்வு குறைவு. அதனால் சராசரி வேகம் பெரும்பாலும் குறைவதில்லை, பல ஆறுகளில் சற்றுக் கூடவே செய்கிறது. குழித்துறை சப்பாத்துக்கு மேலே வெள்ளம் போகும் நாளில் சத்தமில்லாமல் போகிற அந்தத் தண்ணீரை யாரும் சாதுவென்று எண்ணிவிடக் கூடாது.

சரி, வளைவுக்குள் என்ன நடக்கிறது? டீ கிளாஸில் தேயிலைத் தூளோடு கரண்டியால் சுற்றிவிட்டு எடுத்தால், தூள் ஓரத்துக்குப் போகாமல் அடியில் நடுவே வந்து குவியும். 1926இல் ஐன்ஸ்டைன் ஆற்று வளைவுகளை விளக்கக் காட்டியது இந்த உதாரணத்தைத்தான். வளைவில் சுழலும் தண்ணீர் மேல்மட்டத்தில் வெளிக்கரையை நோக்கித் தள்ளப்படுகிறது. அடியில் உள்ள தண்ணீர் தரையில் உராய்ந்து வேகம் குறைவதால் உள்கரையை நோக்கித் திரும்பி வருகிறது. வரும்போது மணலையும் இழுத்து வருகிறது. ஆகவே வெளிக்கரையின் அடியில் கயம் விழுகிறது, உள்கரையில் மணல்திட்டு வளர்கிறது. ஊரில் குளிக்கும் கடவு பெரும்பாலும் உள்வளைவில் இருப்பதற்கும், பிள்ளைகளை எதிர்க்கரைக்கு நீந்தாதே என்று பெரியவர்கள் தடுப்பதற்கும் காரணம் இதுவேதான்.

வெளிக்கரையில் தண்ணீர் மட்டமும் சற்று ஏறி நிற்கும். 60 மீட்டர் அகல ஆறு, 150 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில், வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகத்தை வேகத்தால் பெருக்கி, அகலத்தாலும் பெருக்கி, ஆரத்தையும் புவியீர்ப்பு 9.8ஐயும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால், உள்கரைக்கும் வெளிக்கரைக்கும் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். வேகம் இரண்டு மடங்கானால் இது நான்கு மடங்காகும். எதிர்க்கரைக்காரர் காட்டும் பழைய வெள்ளக் குறியை நம்பி வீட்டுத் தளத்தின் உயரத்தை முடிவு செய்யக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

குழித்துறைக்குக் கீழே ஒரு வெளிவளைவில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், கட்டி இரண்டு மழைக்காலம்கூடத் தாண்டாத பக்கச்சுவர் சாய்ந்துவிட்டது என்று கூப்பிட்டார். சுவர் சரியாக வளைவின் உச்சியில் தொடங்கி, ஆற்றின் மேல்பக்கமாக நீண்டிருந்தது. பார்த்தால் ஆறு நேராக வந்து மோதும் இடம் அதுதான் என்று தோன்றும். ஆனால் வேகமான நீரோட்டம் வெளிக்கரையை நெருங்கி ஒட்டுவது உச்சியைத் தாண்டிச் சற்றுக் கீழே. கூடுதல் அரிப்பும் அங்கேதான். சுவர் முடிந்த இடத்துக்கு அடுத்தாற்போல் கரை அரைவட்டமாகக் குடைந்து, தண்ணீர் சுவரின் பின்பக்கத்துக்கே போயிருந்தது. தோப்பில் சில தென்னைகளும் ஆற்றுப் பக்கம் சாய்ந்திருந்தன. தென்னை இயல்பாகவே தண்ணீர்ப் பக்கம் சாயும் என்றார் அவர். உண்மைதான், ஆனால் வெளிச்சம் தேடிச் சாய்ந்த மரம் மேலே போகப்போக நிமிர்ந்து வில் போல் வளைந்திருக்கும். அங்கே நின்ற மரங்கள் அடியிலிருந்து நுனி வரை நேராக இருந்து, மொத்தமாகச் சாய்ந்திருந்தன. மரம் வளர்ந்து முடிந்த பிறகு காலடி மண் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மரத்துக்குப் பின்னால் தரையில் கரைக்கு இணையாக ஓர் அங்குல வெடிப்பும் தெரிந்தது.

சுவர் விழுந்ததற்கு இன்னொரு காரணம் அடித்தளம். கோடையில் படுகை தெரிந்தபோது அளந்து, அதற்குக் கீழே ஒரு மீட்டர் இறக்கிக் கட்டியிருந்தார்கள். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது படுகை மண் கிளம்பிக் குழி ஆழமாகும். வெள்ளம் வடியும்போது அதே குழியில் மணல் வந்து நிரம்பும். கோடையில் பார்ப்பவருக்கு அந்தக் குழி இருந்ததே தெரியாது. பாலம் கட்டும் வழக்கத்தில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. வெள்ள மட்டத்திலிருந்து அளக்கும் இயல்பான அரிப்பு ஆழத்தை, நேராக ஓடும் இடத்தில் 1.25 ஆலும், மிதமான வளைவில் 1.5 ஆலும், கடும் வளைவில் 1.75 ஆலும் பெருக்க வேண்டும். இயல்பான ஆழம் 4 மீட்டர் என்றால் நேர் ஆற்றில் 5 மீட்டர், கடும் வளைவில் 7 மீட்டர். இந்த இரண்டு மீட்டரைச் சேர்க்காத சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் காலில்லாமல் நிற்கிறது.

அப்புறம், கரை பெரும்பாலும் இடிவது வெள்ளம் ஏறும்போது அல்ல, வடியும்போது. ஏறிய தண்ணீர் கரை மண்ணுக்குள் ஊறிவிடும். ஆறு சட்டென்று இறங்கினால் வெளியிலிருந்து தாங்கிய நீர் போய்விடுகிறது, உள்ளே ஊறிய நீர் மண்ணைக் கனமாக்கி வெளியே தள்ளுகிறது. மழை விட்டதே என்று மறுநாள் காலையில் கரையோரம் போய் நிற்பது இதனால்தான் ஆபத்து. பக்கச்சுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளைகளும் அவற்றுக்குப் பின்னால் ஜல்லி நிரப்பலும் வேண்டும். செலவு குறைக்க முதலில் விட்டுவிடுவதும் அவற்றைத்தான்.

உள்கரை நிலம் என்றால் பத்திரம் என்றும் எண்ண வேண்டாம். அங்கே அரிப்பு குறைவு, ஆனால் தாழ்வு. இன்னொன்று, அது ஆறு முன்பு ஓடிய இடமாகவே இருக்கலாம். வளைவு பெரிதாகப் பெரிதாக, அதற்கு முன்னும் பின்னும் உள்ள வளைவுகளின் வெளிக்கரைகள் ஒன்றையொன்று நெருங்கி, நடுவில் கழுத்துப் போல் ஒரு குறுகிய நிலம் மிஞ்சும். ஒரு பெரிய வெள்ளத்தில் ஆறு அந்தக் கழுத்தை அறுத்து நேராகப் போய்விடும். கைவிடப்பட்ட வளைவின் இரு வாய்களையும் மணல் அடைக்க, பிறை வடிவில் ஒரு குளம் மிஞ்சும். அதுதான் குருட்டு ஆறு. பீகாரின் பேகுசராய் மாவட்டத்தில் உள்ள கான்வார் ஏரி இப்படிப் புரி கண்டக் ஆறு விட்டுப்போனது. கங்கைச் சமவெளி மாதிரி ஆறு இஷ்டத்துக்கு அலைய நம் மாவட்டத்தில் இடம் கிடையாது, செம்மண் குன்றுகள் இருபுறமும் நெருக்கி நிற்கின்றன. அதனால் அப்படிப்பட்ட பெரிய ஏரிகளைக் குழித்துறையில் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஆறு விலகி, மெல்ல மெல்லத் தூர்ந்துபோன பழைய தடங்கள் ஆற்றோர ஏலாக்களில் இருக்கக்கூடும்.

அதைக் கண்டுபிடிக்க மழை முடிந்த வாரம் போங்கள். மற்ற இடம் காய்ந்த பிறகும் பிறை வடிவில் ஒரு தாழ்வில் மட்டும் தண்ணீர் நிற்கிறதா? கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் வாங்கிப் பாருங்கள். ஆறு இல்லாத இடத்தில் புல எல்லையோ ஊர் எல்லையோ காரணமின்றி வளைந்து போனால், அளந்த காலத்தில் அங்கே ஆறோ வாய்க்காலோ இருந்திருக்கலாம். கடைசியாக, தாழ்வில் ஒரு குழியும் மேட்டில் ஒரு குழியும் இரண்டு மூன்று மீட்டர் தோண்டிப் பாருங்கள். மேட்டில் மணலும், தாழ்வில் அழுகிய இலை வாசனையோடு கறுத்துப் பிசுபிசுக்கும் களியும் வந்தால் சந்தேகமே வேண்டாம். களி சுமையில் மெல்ல அமுங்கிக்கொண்டே போகும், மணல் அவ்வளவு அமுங்காது. பாதி வீடு ஒன்றின் மேலும் பாதி மற்றதன் மேலும் நின்றால் ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் ஓடும்.

இந்தத் தாழ்வைச் செம்மண் அடித்து நிரப்பி மனையாக விற்கிறார்கள் என்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. நிரப்பிய பின் பிறையும் தெரியாது, தண்ணீரும் நிற்காது. நிரப்பிய மண்ணே கீழே உள்ள களியை அமுக்கத் தொடங்கியிருக்கும். அத்தகைய மனையில் நிரப்பலைத் தாண்டி, களியையும் தாண்டிய மண் சோதனை அறிக்கை இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தோப்புக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். பழைய சுவரை நீட்டவில்லை. உச்சிக்குக் கீழே அரிப்பு நிற்கும் இடம் வரை கரையைச் சரிவாக வெட்டி, பெரிய கருங்கற்களை அடுக்கி, அடியில் கயத்தை நோக்கித் தளர்வாகக் கற்களைப் போட்டு வைத்தோம். படுகை குழிந்தால் அந்தக் கற்கள் தாமே சரிந்து குழியை மூடிக்கொள்ளும். சரிவில் கைதையும் மூங்கிலும் நட்டாயிற்று. பழைய கரையிலிருந்து ஐந்து மீட்டர் தோப்பை அவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது, அதற்கு மனம் இசைய அவருக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. எதிர்க்கரை மணல்திட்டில் மணல் அள்ளுவதை நிறுத்தினால்தான் இதெல்லாம் நிற்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். பேச்சிப்பாறை அணை 1906இலும் பெருஞ்சாணி அணை 1952இலும் வந்த பிறகு, மலையிலிருந்து இறங்கும் மணலில் பெரும்பகுதி அணைகளிலேயே தங்கிவிடுகிறது. கீழே எடுக்கிற மணலுக்கு ஈடாக மேலிருந்து புதிதாக வருவது குறைவு. படுகை இறங்கினால் அடுக்கிய கல்லின் அடியும் சேர்ந்து இறங்கும்.