நான்கடிப் பாட்டுக்குப் பொழிப்புரை: வரிசை குலையும் இடம் எது?

சேலம் வட்டாரத்தில் தமிழ் விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு நன்கு பழகிய ஒரு காட்சி இது. பாட்டின் பொருளை உரைநடையில் எழுதச் சொன்னால் மாணவர் சொற்பொருளைச் சரியாகவே எழுதியிருப்பார். ஆனால் பாட்டில் முதலில் வந்தது அவர் உரையில் கடைசியில் கிடக்கும், கடைசியில் வந்தது முதலில் வந்து நிற்கும். மதிப்பெண் பெரும்பாலும் குறைவதில்லை, அதனால் யாரும் சுட்டிக்காட்டுவதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் அதுவே பழக்கமாகி, பிறகு அவர் ஆசிரியராகும்போது வகுப்பறைக்கும் போய்விடுகிறது.

இது எப்படி நடக்கிறது, எப்படித் தவிர்ப்பது என்பதை ஒரே ஒரு பாட்டை வைத்துப் பார்க்கலாம். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு, தலைவி பேசுவதாகத் தேவகுலத்தார் பாடியது. சேர்வராயன் மலையிலும் குறிஞ்சி பூக்கும் என்பதால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது அந்நியமான பாட்டும் இல்லை.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

எழுத உட்காருவதற்கு முன் பென்சிலால் இரண்டு வேலை செய்ய வேண்டும். முதல் வேலை, பொருள் முடிகிற இடத்தில் சாய்கோடு போடுவது. பெரிதே, உயர்ந்தன்று, ஆரளவின்றே ஆகிய மூன்றும் பயனிலைகள். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கோடு. அப்படிப் போட்டால் ‘சாரல்’ என்ற சொல் இரண்டாம் அடியின் கடைசியில் நின்றாலும் அந்த அடியோடு சேராமல், அடுத்த அடியோடு ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அடி முடிவதும் பொருள் முடிவதும் இங்கே ஒன்றல்ல. அடிக்கு ஒரு வாக்கியம் என்று எழுதுகிறவர்கள் ‘நீரைவிட அளவில்லாத சாரல்’ என்று எழுதிவிடுகிறார்கள். பாட்டில் அப்படி ஒரு பொருளே கிடையாது.

இரண்டாம் வேலை, காட்சிகளுக்கு வரிசை எண் கொடுப்பது. நிலம் 1, வான் 2, நீர் 3, சாரல் 4, கரிய கோல் 5, குறிஞ்சிப் பூ 6, தேன் 7, நாடன் 8, நட்பு 9. நான்கு அடிக்குள் ஒன்பது. இந்த எண்களைப் பாட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டால் எழுதி முடித்ததும் சரிபார்ப்பது எளிது.

அடுத்தது சொற்பொருள். இந்தச் சிறிய பாட்டில் மூன்று இடங்களில் கால் இடறும். ‘உயர்ந்தன்று’ என்பதைப் பார்த்தவுடன் ‘உயர்ந்தது அன்று’ என்று, அதாவது வானத்தைவிட உயர்ந்ததில்லை என்று பலர் பொருள் கொள்கிறார்கள். இது எதிர்மறை இல்லை. ‘உயர்ந்தது’ என்பதன் பழைய வடிவம்தான். இடையில் ‘அன்’ என்ற சாரியை வர, அதோடு சேர்ந்த ‘து’ ‘று’ ஆகிவிட்டது. வந்தது என்பது பழம்பாட்டில் ‘வந்தன்று’ என்று வருவதும் இப்படித்தான். ஐயம் இருந்தால் முன்னால் உள்ள சொல்லைப் பாருங்கள். ‘பெரிதே’ என்று உறுதியாகச் சொன்ன பெண் அடுத்த சொல்லிலேயே ‘உயர்ந்ததில்லை’ என்று இறங்கிப் பேச மாட்டாள்.

‘ஆரளவின்றே’ என்பதிலும் அதே மயக்கம். ஆர் என்றால் அரிய. அளவின்று என்றால் அளவை உடையது. அளப்பதற்கு அரிய ஆழம் உடையது என்பது கருத்து. ‘இன்று’ என்பதை இல்லை என்று எடுத்தால் ‘அரிய அளவு இல்லாதது’ என்றாகி, ‘ஆர்’ என்ற சொல் வேலையில்லாமல் நிற்கும். ஒரு சொல் வேலையில்லாமல் நின்றால் பிரித்த விதத்தில் எங்கோ தவறு என்று கொள்ளலாம்.

மூன்றாவது ‘சாரல்’. ஏற்காட்டுப் பிள்ளைகள் இந்தச் சொல்லைக் கேட்டதும் முகத்தில் படுகிற மெல்லிய மழையைத்தான் நினைப்பார்கள், அதில் குற்றமில்லை, இன்றைய வழக்கு அதுதான். பாட்டில் சாரல் என்பது மலைச்சரிவு. மழை என்று எடுத்துக்கொண்டால் ‘மழையில் குறிஞ்சி பூத்தது’ என்று பாட்டில் இல்லாத ஒரு காட்சி உள்ளே நுழைந்து, நான்காம் எண்ணே மாறிப்போகும்.

இனி எழுதலாம். பெரும்பாலான தாள்களில் வருவது இந்த மாதிரி: ‘மலைச்சரிவில் கரிய தண்டுடைய குறிஞ்சிப் பூக்களைக் கொண்டு தேனீக்கள் தேன் சேர்க்கும் நாட்டை உடைய தலைவனோடு நான் கொண்ட நட்பு, நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது.’ ஒரு சொல்லிலும் தவறில்லை. எண்களை ஒப்பிட்டால் 4, 5, 6, 7, 8, 9, 1, 2, 3 என்று வருகிறது.

ஏன் இப்படி ஆகிறது? நம் உரைநடையில் எழுவாய் முன்னால் வரும், பயனிலை கடைசியில் வரும். பாட்டிலோ பயனிலைகள் மூன்றும் முன்னால் நிற்கின்றன, எழுவாயான ‘நட்பு’ கடைசிச் சொல்லாக இருக்கிறது. கை தானாகவே அதை எடுத்து உரைநடை ஒழுங்கில் வைத்துவிடுகிறது. பள்ளியில் கொண்டுகூட்டி எழுதப் பழக்குவதும் இதற்குத் துணைபோகிறது. பாட்டைப் புரிந்துகொள்ளக் கொண்டுகூட்டுவது தேவைதான். ஆனால் அது ஓரத்தில் எழுதும் குறிப்பாக நிற்க வேண்டும், பொழிப்புரையாக வெளியே வரக் கூடாது.

மாறியதால் என்ன போயிற்று என்று பாருங்கள். பாட்டின் காட்சிகள் நிலம், வானம், நீர் என்ற பெரும்பரப்பில் தொடங்கி, ஒரு மலைச்சரிவுக்கு வந்து, அங்கே ஒரு செடியின் தண்டுக்கும் பூவுக்கும் வந்து, பூவுக்குள் இருக்கிற தேனில் போய் நிற்கின்றன. அகலமாகத் தொடங்கிச் சுருங்கிக்கொண்டே வந்து ஒரு மனிதனிடமும் அவனோடு கொண்ட நட்பிடமும் முடிகின்றன. இன்னொன்றும் உண்டு. தலைவன் சிறைப்புறமாக நின்று கேட்க, தோழி அவனைப் பழிக்கிறாள். அதற்குத் தலைவி சொல்கிற மறுமொழி இந்தப் பாட்டு என்கிறது துறைக்குறிப்பு. பழிச்சொல் கேட்டவள் வாயைத் திறந்ததும் ‘நிலத்தைவிடப் பெரியது’ என்கிறாள். எது பெரியது என்பதைக் கடைசிச் சொல் வரை வைத்திருக்கிறாள். ‘நட்பு’ முன்னால் வந்துவிட்டால் அந்த வேகமும் போகும், காத்திருப்பும் போகும்.

வரிசையைக் காக்கும் வழி கடினமானதில்லை. பாட்டின் பின்பாதியில் தமிழே உதவிசெய்கிறது. ‘கொண்டு’ என்ற வினையெச்சமும் ‘இழைக்கும்’ என்ற பெயரெச்சமும் தமக்கு முன்னுள்ள சொற்களைச் சேர்த்துக்கொண்டு ‘நாடன்’ என்ற பெயரில் போய் முடிகின்றன. உரைநடையிலும் அதே ஒழுங்குதான், அங்கே எதையும் நகர்த்த வேண்டியதில்லை. சிக்கல் இருப்பது முன்பாதியும் பின்பாதியும் சேருகிற ஒரே மூட்டில். அங்கே எழுவாயைப் பின்னால் விடுவதற்குத் தமிழ் உரைநடை இடம் தருகிறது. ‘ரொம்ப நல்லவர், எங்க மாமா’ என்று நாம் தினமும் பேசுகிறோமே, அந்த அமைப்புத்தான்.

‘நிலத்தைக் காட்டிலும் பெரியது, வானத்தைக் காட்டிலும் உயர்ந்தது, (கடல்) நீரைக் காட்டிலும் அளப்பதற்கு அரிய ஆழம் உடையது, மலைச்சரிவில் கரிய தண்டினை உடைய குறிஞ்சியின் பூக்களைக் கொண்டு (தேனீக்கள்) மிகுந்த தேனைச் செய்யும் நாட்டை உடையவனோடு (நான் கொண்ட) நட்பு.’

எண்கள் 1 முதல் 9 வரை நேராக வருகின்றன. நீண்ட ஒரே வாக்கியம் வேண்டாம் என்றால் ‘ஆழம் உடையது’ என்பதோடு முற்றுப்புள்ளி வைத்து, அடுத்த வாக்கியத்தின் கடைசியில் ‘நட்பு அது’ என்று முடிக்கலாம். ‘என் நட்பு எத்தகையது தெரியுமா?’ என்று முன்னால் ஒரு கேள்வியை ஒட்டவைப்பதைச் சில வழிகாட்டி நூல்களில் காணலாம். அதை விட்டுவிடுங்கள். கடைசியில் வர வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறது அது.

அடைப்புக்குறிக்குள் இருப்பவற்றைக் கவனியுங்கள். பாட்டில் ‘நீர்’ என்றுதான் இருக்கிறது, கடல் என்பது உரைகாரர் சேர்ப்பது. தேனை இழைப்பது எது என்று பாட்டு சொல்லவில்லை, வாக்கியம் நிற்பதற்காக நாம் சேர்க்கிறோம். ‘நான் கொண்ட’ என்பதும் அப்படியே. இந்த மூன்றுக்கு மேல் இங்கே தேவையில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி என்று எழுத ஆசை வரும். நீலக்குறிஞ்சியைப் பற்றி அது உண்மை, சேர்வராயனைத் தெரிந்தவர்களுக்கு நினைவில் முந்திக்கொண்டும் வரும். ஆனாலும் பாட்டில் அந்தச் செய்தி இல்லை. விளக்கவுரையில் அதைத் தாராளமாக எழுதலாம். பொழிப்புரைக்குள் வைத்தால் பூவுக்கும் தேனுக்கும் நடுவில் பத்தாவதாக ஒரு காட்சி முளைத்துவிடும்.

எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்துமா என்று கேட்பார்கள். ஆற்றுநீர்போல் நேராக ஓடுகிற பாட்டுக்கு முழுவதும் பொருந்தும். புலவரே சொற்களை இடம் மாற்றி வைத்த பாட்டில் மாற்றாமல் இருக்க முடியாது. மொழிமாற்றுப் பொருள்கோளுக்கு வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு இது:

சுரையாழ அம்மி மிதப்ப வரையனைய
யானைக்கு நீத்து முயற்கு நிலையென்ப
கானக நாடன் சுனை.

சுரை ஆழாது, அம்மி மிதக்காது. எனவே வினைகளை மாற்றிப் பூட்ட வேண்டும். ‘சுரை மிதக்க, அம்மி ஆழ, மலை போன்ற யானைக்குக் கால் நிலைக்கும், முயலுக்கு நீந்தும் ஆழம் என்பார்கள், காட்டு நாட்டை உடையவனின் சுனை.’ எண் போட்டுப் பார்த்தால் சுரை 1, அம்மி 2, யானை 3, முயல் 4, நாடன் 5, சுனை 6. வினைகள் மட்டுமே இடம் மாறியிருக்கின்றன. காட்சிகள் ஆறும் பாட்டில் நின்ற வரிசையிலேயே நிற்கின்றன, சுனை இங்கும் கடைசிச் சொல்.