போனை வைங்க: வீட்டுப் பெரியவர்களுக்காக ஒரு வீடியோ ஸ்கிரிப்ட்

வங்கியில் மோசடிப் புகார்களைக் கேட்டுப் பதிவு செய்யும் பிரிவில் வேலை செய்கிறேன். பணத்தை இழந்துவிட்டு வரும் பெரியவர்களில் பலருக்கு, ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எப்படி ஏமாந்தார்கள் என்று விசாரித்தால், பெரும்பாலும் பணம் போன அந்த நிமிடத்தில் போன் அழைப்பு ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஸ்பீக்கரில் ஒருவன் மூச்சுவிடாமல் பேசுகிறான், இவர் அவன் சொன்னதையெல்லாம் அழுத்திக்கொண்டே போகிறார். யோசிக்க இடைவெளியே கிடைப்பதில்லை. இதில் வயதைக் குறை சொல்ல எதுவும் இல்லை, என் வயதுக்காரர்களும் இப்படி மாட்டுகிறார்கள்.

அதனால் எங்கள் குடும்பக் குழுவுக்காக எழுதிய இந்த வீடியோவில் எச்சரிக்கைகளை அடுக்கவில்லை. மூன்றே விதிகள்தான். ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் அதே வார்த்தைகளில், அதே வரிசையில், பெரிய எழுத்தில் திரையில் வரும். நடிப்பவரும் அதை வாய்விட்டுச் சொல்வார்.

போனை வைங்க.
கணக்கைப் பாருங்க.
பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை.

காட்சி 1

தாத்தா பழைய அலமாரியை விற்க இணையத்தில் விளம்பரம் போட்டிருக்கிறார். போன் ஸ்பீக்கரில்.

குரல்: ஐயா, அலமாரி பிடிச்சிருக்கு. வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. முழுப் பணத்தையும் இப்பவே அனுப்பிடறேன்.

தாத்தா: சரிப்பா, அனுப்புங்க.

குரல்: வாட்ஸ்அப்ல ஒரு கியூஆர் கோடு வந்திருக்கும் பாருங்க. அதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டீங்கன்னா பணம் உங்க கணக்குல விழுந்துடும்.

(போன் திரை மிக அருகில். 'செலுத்து' என்ற பொத்தான் தெரிகிறது. காட்சி சில நொடிகள் அப்படியே நிற்கட்டும்.)

தாத்தா: இதுல 'செலுத்து'ன்னு இல்ல போட்டிருக்கு?

குரல்: அது எல்லாருக்கும் அப்படித்தான் ஐயா வரும். நீங்க போடுங்க, நான் லைன்லயே இருக்கேன்.

தாத்தா போனை வைக்கிறார். மூன்று விதிகளையும் சொல்கிறார்.

இந்தக் காட்சியில் பொத்தானைக் காட்டும் அந்தச் சில நொடிகளை வெட்டிவிடாதீர்கள். கியூஆர் கோடு என்பது ஒரு கணக்கின் முகவரி, சில சமயம் அதிலேயே தொகையும் சேர்ந்திருக்கும். அதை ஸ்கேன் செய்பவர்தான் பணம் கொடுப்பவர். அலமாரியை விற்கிறவர் ஸ்கேன் செய்ய வேண்டிய தேவையே வராது. இவ்வளவையும் வீடியோவில் விளக்க வேண்டாம், திரையில் உள்ள சொல்லைப் படிக்கப் பழக்கினால் போதும்.

மூன்றாவது விதியை முதலில் 'பின் நம்பர் போட்டால் பணம் போகும்' என்று வைக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் சில செயலிகளில் கணக்கு இருப்பைப் பார்க்கவும் பின் நம்பர் கேட்கும். பாட்டி அதைப் போடுவார், பணம் எதுவும் போகாது. அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்த விதியின் மேல் நம்பிக்கை போய்விடும். 'வாங்க தேவையில்லை' என்பதில் அந்தச் சிக்கல் இல்லை.

காட்சி 2

பாட்டியின் போனில் ஒரு மெசேஜ்: 'உங்கள் கணக்கில் 5,000 வரவு.' உடனே அழைப்பு.

குரல் (அழுதபடி): அம்மா, ஒரு 500 அனுப்பப் போய், நம்பர் மாறி உங்களுக்கு 5,000 வந்துடுச்சும்மா. பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கா. 500 நீங்க வச்சுக்கோங்க, மீதியை மட்டும் திருப்பி அனுப்பிடுங்கம்மா.

பாட்டி: ஐயோ, அழாதப்பா. போனை வைக்கிறேன். கணக்கைப் பார்த்துட்டு அப்புறம் பேசறேன்.

குரல்: வைக்காதீங்கம்மா, வைக்காதீங்க!

பாட்டி வைக்கிறார். வங்கிச் செயலியைத் திறக்கிறார். இருப்பு மாறவே இல்லை. விதிகளைச் சொல்கிறார்.

எனக்கு இந்த நான்கு காட்சிகளில் முக்கியமாகப் படுவது இதுதான். இங்கே பேராசை இல்லை, பயமும் இல்லை. அடுத்தவர் பணம் நமக்கு வேண்டாம் என்கிற நேர்மையைத்தான் அவன் பயன்படுத்திக்கொள்கிறான். ஆகவே பாட்டியை ஏமாளியாகக் காட்டாமல், இரக்கம் குறையாமலேயே போனை வைப்பவராகக் காட்டுங்கள்.

மெசேஜ் உண்மையா என்று, அனுப்பியவர் இடத்தில் இருக்கும் பெயரையோ எண்ணையோ பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சாதாரண மொபைல் எண்ணிலிருந்து வந்தால் சந்தேகப்படலாம், சரி. ஆனால் வங்கியின் பெயரைப் போலியாகப் போட்டு அனுப்பவும் வழி உண்டு. அப்படி வந்த மெசேஜ், வங்கி அனுப்பிய உண்மையான மெசேஜ்களுக்கு நடுவிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் 'மெசேஜைச் சோதியுங்கள்' என்று சொல்லாமல் 'கணக்கைப் பாருங்க' என்று வைத்தேன்.

ஒருவேளை பணம் நிஜமாகவே வந்திருந்தால்? அப்போதும் நாமாகத் திருப்பி அனுப்பக் கூடாது. அது வேறொருவரிடம் திருடிய பணமாக இருக்கலாம், அனுப்பச் சொல்லும் கணக்கு மூன்றாவது ஆளுடையதாக இருக்கலாம். 'உங்க வங்கியில சொல்லுங்க, நானும் என் வங்கியில சொல்றேன்' என்பதே பதில்.

காட்சி 3

குரல்: சார், உங்க கணக்கு இன்னிக்கு ராத்திரியோட முடக்கப்படும். நான் அனுப்புற லிங்க்ல ஒரு செயலி இருக்கு, அதைப் போட்டுக்கோங்க. ஓடிபி எதுவும் சொல்லாதீங்க, எங்ககிட்டகூடச் சொல்லாதீங்க.

தாத்தா: (சிரித்தபடி) அப்ப எதுக்குப்பா செயலி? வைக்கிறேன்.

அந்தக் குரல் 'எங்ககிட்டகூடச் சொல்லாதீங்க' என்றதும் பலருக்கு அவன் மேல் நம்பிக்கை வந்துவிடும். அவன் போடச் சொல்வது, நம் திரையில் இருப்பதை அப்படியே அவனுக்குக் காட்டும் செயலி. ஓடிபி மெசேஜ் வந்ததும் அவனே படித்துக்கொள்வான். இவர் வாயைத் திறக்கவே இல்லை, ஓடிபியைச் சொல்லக் கூடாது என்ற விதியை மீறவும் இல்லை, ஆனாலும் பணம் போயிருக்கும். புகார் எழுதும்போது 'நான் யாருக்கும் எதுவும் சொல்லலையே' என்று திரும்பத் திரும்பச் சொல்லும் பெரியவர்களிடம், இந்தச் செயலியைப் பற்றித்தான் முதலில் கேட்பேன்.

ஏற்கெனவே போட்டுவிட்டால் இன்டர்நெட்டை அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட வேண்டும். அந்தச் செயலியை நீக்குவதெல்லாம் அப்புறம்.

காட்சி 4

இதில் வசனம் குறைவு. பாட்டி ஏமாந்துவிட்டார். போனைக் கையில் வைத்தபடி மகளைப் பார்க்கிறார்.

பாட்டி: பணம் போயிடுச்சும்மா.

மகள்: சரி, விடுங்கம்மா. முதல்ல வங்கிக்குப் போன் பண்ணுவோம்.

'எத்தனை தடவை சொன்னேன்' என்ற வசனம் இங்கே வரவே கூடாது, நடிக்கிறவர் சொந்தமாகச் சேர்த்தாலும் வெட்டிவிடுங்கள். திட்டு விழும் என்று பயந்து மறைப்பதில்தான் நேரம் போகிறது. திருடப்பட்ட பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. அங்கிருந்து இன்னொன்றுக்கு, அப்புறம் வேறு சிலவற்றுக்கு எனப் பிரிந்துபோய் கடைசியில் ரொக்கமாகிவிடும். நடுவில் ஏதாவது ஒரு கணக்கில் இருக்கும்போது வங்கிக்குத் தெரிந்தால் முடக்கிவைக்க வாய்ப்புண்டு. இரண்டு நாள் கழித்து வருபவர்களுக்குப் பெரும்பாலும் புகார் எண் மட்டும்தான் என்னால் கொடுக்க முடிகிறது. பிறகு யாராவது கூப்பிட்டு, கட்டணம் கட்டினால் பணத்தை மீட்டுத் தருகிறோம் என்பார்கள். அதற்கும் அதே மூன்று விதிகள்தான்.

நான்கு காட்சிகளையும் ஒன்றாக அனுப்ப வேண்டாம், வாரம் ஒன்று அனுப்பினால் போதும். பெரியவர்கள் பார்த்து முடித்ததும், அவர்களிடம் சொல்லிவிட்டே, நீங்கள் அந்தக் குரலாகப் பேசிப் பாருங்கள். பேச்சின் நடுவில் போனை வைப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தவே கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

வங்கியின் எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள். அதை கார்டின் பின்புறத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ எடுங்கள். இணையத்தில் தேடினால் முதலில் வருவது மோசடிக்காரர்களே போட்டுவைத்த எண்ணாக இருக்கலாம், அப்புறம் புகார் சொல்ல அவனையே கூப்பிட்டதாக ஆகிவிடும்.