‘ஆக்டிவ் கஸ்டமர்’னா யாரு? டேஷ்போர்டு போடுறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி

காலைல வீட்டுக்கு வீடு பால் பாக்கெட் போடுற ஒரு கம்பெனிக்கு டேஷ்போர்டு போட்டுக் கொடுத்தேன், பேர் வேண்டாம். அவங்க கேட்டது சின்ன விஷயம்தான், மேல பெரிய கட்டத்துல மொத்தம் எத்தனை ஆக்டிவ் கஸ்டமர், அதுக்குக் கீழ ஏரியா வாரியா பிரிச்சுக் காட்டணும். கஸ்டமர் டேபிள்ல `is_active`னு ஒரு ஃபீல்டே இருந்துச்சு, உள்ள `Y`, `N`. எண்ணிப் போட்டேன், 18,420. டெமோல டெலிவரி பாக்குற சார் அதைப் பாத்த உடனே "தினமும் நம்ம வண்டில ஏறுற பாக்கெட்டே அவ்வளவு கிடையாதேங்க, இவங்கல்லாம் யாரு?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்ல.

அன்னிக்கு சாயங்காலமே கஸ்டமர் டேட்டாவுக்குப் பொறுப்பான மேடத்துக்கு "மேடம், `is_active` ஃபீல்டுக்கு டெஃபனிஷன் என்ன?"ன்னு மெசேஜ் போட்டேன். பத்து நிமிஷத்துல பதில் வந்துச்சு: "இப்போ நம்மகிட்ட ஆக்டிவா இருக்குற கஸ்டமர்ஸ்." அவங்க மேல தப்பு சொல்ல முடியாது, யாருமே உக்காந்து முடிவு பண்ணாத ஒண்ணை ஏற்கனவே எழுதி வச்ச மாதிரி நெனச்சு நான் கேட்டிருக்கேன், அதுக்கு வேற என்ன பதில் வரும்?

அப்புறம்தான் டேட்டாவை ஒழுங்கா பாத்தேன். இதை முதல் மெசேஜுக்கு முன்னாடியே பண்ணிருக்கணும். அந்த ஃபீல்டு சொல்றதையும் நிஜமா டெலிவரி நடந்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எண்ணுறது, அவ்வளவுதான்:

```sql
SELECT c.is_active, COUNT(*) AS total,
       COUNT(d.customer_id) AS delivered_30d
FROM customers c
LEFT JOIN (SELECT DISTINCT customer_id FROM deliveries
           WHERE delivery_date >= CURRENT_DATE - 30) d
  ON d.customer_id = c.customer_id
GROUP BY c.is_active;
```

`Y` போட்ட 18,420 பேர்ல கடைசி 30 நாள்ல பால் வாங்கினவங்க 11,306 பேர்தான். `N` போட்டவங்கள்ல 412 பேர் வாங்கிட்டுதான் இருக்காங்க. இது ரெண்டும் இல்லாம எதுவுமே நிரப்பாம காலியா, அதாவது `NULL`னு 2,030 பேர் இருந்தாங்க, அதுல 1,240 பேர் வாங்குறவங்க. ஆக மொத்தம் 12,958.

ஆப் டீம்ல கேட்டப்போ விஷயம் வெளிய வந்துச்சு. ஆப்ல ரெஜிஸ்டர் பண்ணா `Y`, அக்கவுன்ட்டை டெலிட் பண்ணா `N`, வேற எப்பவும் அது மாறாது. ரெண்டு வருஷமா ஒரு பாக்கெட்கூட வாங்காதவரும் `Y`தான். ஆப் சரிப்பட்டு வராம அக்கவுன்ட்டை எடுத்துட்டு டிப்போவுக்கு போன் பண்ணி பால் சொல்ற பெரியவங்க `N`. காலியா இருக்குறவங்க ஆப் வர்றதுக்கு முன்னாடி எக்செல்ல இருந்து ஏத்தினவங்க, கம்பெனியோட ரொம்ப பழைய வாடிக்கை. இதுல ஒண்ணு கவனிங்க, `is_active <> 'N'`னு எழுதினா காலியா இருக்குறவங்களும் சேந்து வந்துருவாங்கன்னு நெனப்போம், வர மாட்டாங்க, எஸ்கியூஎல்ல `NULL`ஐ எதோட ஒப்பிட்டாலும் அந்த வரி வடிகட்டிப் போயிரும், எரரும் வராது.

இவ்வளவும் தெரிஞ்ச பிறகு அதே மேடத்துக்கு ரெண்டாவது மெசேஜ் எழுதினேன். அப்படியே போடுறேன்:

> மேடம் வணக்கம். டேஷ்போர்டுல ‘ஆக்டிவ் கஸ்டமர்’ கட்டத்துல எந்த நம்பர் வரணும்னு உங்க முடிவு வேணும். `is_active = 'Y'`னு எண்ணினா 18,420. கடைசி 30 நாள்ல ஒரு டெலிவரியாவது வாங்கினவங்களை எண்ணினா 12,958. அந்த ஃபீல்டு ஆப்ல அக்கவுன்ட் இருக்கான்னு மட்டும்தான் சொல்லுது, ஆப் டீம்ல கேட்டு உறுதி பண்ணிட்டேன்.
>
> கீழ இருக்குற அஞ்சு பேரும் நிஜ கஸ்டமர்ங்க. ஒவ்வொருத்தரும் ஆக்டிவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க, போதும்.
>
> 1. ஆப்ல அக்கவுன்ட் இருக்கு, கடைசியா வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு.
> 2. அக்கவுன்ட் டெலிட் பண்ணிட்டார், போன்ல சொல்லி தினமும் ஒரு லிட்டர் வாங்குறார்.
> 3. ஊருக்குப் போறதால 45 நாள் டெலிவரியை நிறுத்தி வச்சு ‘பாஸ்’ போட்டிருக்கார், வாலட்ல 640 ரூபா இருக்கு, திரும்ப ஆரம்பிக்கிற தேதியும் போட்டிருக்கார்.
> 4. பாஸ் போடல, வாலட்ல காசு இருக்கு, 40 நாளா ஆர்டர் இல்ல.
> 5. போன வாரம் ஃப்ரீ ட்ரையல் பாக்கெட் ஒண்ணு வாங்கினார், காசு கட்டி இன்னும் வாங்கல.
>
> என் யோசனை: காசு கட்டி வாங்கின ஒரு டெலிவரியாவது கடைசி 30 நாள்ல இருந்தா ஆக்டிவ், பாஸ்ல இருக்குறவங்க தனி நம்பர். வியாழக்கிழமைக்குள்ள சொன்னீங்கன்னா வெள்ளிக்கிழமை ரிவ்யூவுக்கு மாத்திடுவேன். அதுவரைக்கும் கட்டத்துக்கு ‘30 நாள்ல டெலிவரி வாங்கினவங்க’ன்னு பேர் வச்சிருக்கேன், ‘ஆக்டிவ்’னு போடல.

அஞ்சு பேரோட பேரையும் போன் நம்பரையும் மெசேஜ்ல போடல, கஸ்டமர் ஐடி மட்டும் தனியா அனுப்பினேன். சாட்ல போற நம்பர் எத்தனை பேர் கைக்குப் போகும்னு நம்மளால சொல்ல முடியாது.

இந்த அஞ்சையும் சும்மா பொறுக்கல. ஆக்டிவ்ங்குறதுக்குள்ள ஒளிஞ்சிருக்குறது, எந்த நிகழ்வை எண்ணுறோம், எத்தனை நாளுக்குள்ள, அந்த நிகழ்வை நடத்தினது யாரு, இந்த மூணும்தான், ஒவ்வொரு கேஸும் இதுல ஏதாவது ஒண்ணைத் தொடும். வெளிய பாருங்க, என்எஸ்இ-ல ஆக்டிவ் கிளையன்ட்னா கடைசி 12 மாசத்துல ஒரு தடவையாவது ட்ரேட் பண்ணிருக்கணும். ரிசர்வ் வங்கி விதில ரெண்டு வருஷத்துக்கு மேல வாடிக்கையாளர் பண்ற பரிவர்த்தனையே இல்லன்னா அது செயல்படாத கணக்கு, பேங்க் தானா போடுற வட்டி கணக்குல வராது. நம்ம ட்ரையல் பாக்கெட்டும் கிட்டத்தட்ட அந்த வட்டி மாதிரிதான், கம்பெனி கொடுத்தது, கஸ்டமர் வாங்கினது இல்ல. ஒரே வீட்ல ரெண்டு நம்பர்ல அக்கவுன்ட் இருந்தா ஒண்ணா ரெண்டாங்குற கேள்வியும் இருக்கு, ஆனா அது கொஞ்சம் பேர்தான், அதனால இந்த மெசேஜ்ல வேணும்னே விட்டுட்டேன், எல்லாத்தையும் ஒரே நேரத்துல கேட்டா பதிலே வராது.

புதன்கிழமை ராத்திரி வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. ரெண்டாவது ஆள் மட்டும் ஆக்டிவ், மத்த நாலு பேரும் இல்ல, மூணாவது ஆளை மட்டும் "பாஸ்"ல காட்டுங்க, ஏன்னா பரீட்சை லீவ்ல பாதிப் பேர் ஊருக்குப் போவாங்க, அவங்களைப் போனவங்கன்னு எண்ணிட்டா மே மாசம் கம்பெனியே விழுந்த மாதிரி தெரியும்னு சொன்னாங்க. இது எந்த டேபிளைத் தோண்டினாலும் எனக்குக் கிடைச்சிருக்காது.

ட்ரையல் மட்டும் வாங்கின 318 பேரைக் கழிச்சதும் 12,640. பாஸ்ல 1,870 பேர், அதுக்குப் பக்கத்துல தனிக் கட்டம். `is_active`ஐ டேஷ்போர்டுல இருந்தே எடுத்துட்டேன், ஏன்னா அது பழையதை அழிச்சுட்டு மேலேயே எழுதுற ஃபீல்டு, இன்னிக்கு ஒருத்தர் அக்கவுன்ட்டை எடுத்தா போன மாச நம்பரும் சேந்து குறையும். டெலிவரி டேபிள்ல தேதி இருக்கு, எந்த மாசத்துக்கும் அன்னிக்கு இருந்த கணக்கை எடுக்கலாம். விதியை ரெண்டு வரில எழுதி, முடிவு சொன்னது யாரு, எந்தத் தேதின்னு சேத்து, கட்டத்து மேல மவுஸ் வச்சா தெரியுற மாதிரி போட்டேன்.

வெள்ளிக்கிழமை ரிவ்யூல 12,640ஐப் பத்தி யாரும் பெருசா கேக்கல. மார்க்கெட்டிங்ல இருந்து வந்தவங்கதான் அந்த 412 பேர் லிஸ்ட்டைக் கேட்டாங்க, `N`ங்குறவங்களுக்கெல்லாம் "உங்களை மிஸ் பண்றோம், திரும்பி வாங்க"ன்னு மாசாமாசம் தள்ளுபடி எஸ்எம்எஸ் போயிட்டு இருந்திருக்கு. தினமும் காலைல நம்ம பாலைத்தான் வாங்கிட்டு இருக்குற பெரியவங்களுக்கு.